"சரி என்று சொன்னார்" என்பது தீர்மானம் அல்ல



சில ஆண்டுகளுக்கு முன், நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த காலத்தில், நமது பகுதித் தோட்டம் ஒன்றின் டிவிசனில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். டிசம்பர் மாதம் கோயில் மண்டபத்தில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை நம் பக்கத்தில் மழை குறைந்து, இரவில் பனியும் பகலில் வெயிலும் அடிக்கும் காலம். கொழுந்து நின்றுவிடும். அந்த மாதங்களில் முழுப்பேருக்கு 18 கிலோ எடுக்க முடியாது என்று பெண்கள் சொன்னார்கள். தலைவரும் இன்னும் மூவரும் துரையைப் போய்ப் பார்த்தார்கள். "குறைத்துப் போடச் சொல்கிறேன், சரி" என்று துரை சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஜனவரி பிரச்சினையில்லாமல் போனது. மாதக் கடைசியில் துரை வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். பெப்ரவரியில் 18 கிலோ எடுக்காதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. ஒரு சகோதரிக்கு அந்த மாதம் 9 அரைப்பேர். அதாவது 4500 ரூபாய் கையை விட்டுப் போனது. சம்பளம் குறைந்தபடியால் சேமலாப நிதிக்குப் போகும் பணமும் குறைந்தது. அவர் சம்பளத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சேர், அன்னைக்குத் தொரை சரின்னு தானே சொன்னாரு?"

சொன்னார்தான். புதிய துரை கேட்டதோ ஒரே கேள்வி: "எதில் இருக்கிறது?"

கூட்டறிக்கைக் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்தது இவ்வளவுதான்: "கொழுந்து நிறை பற்றிப் பேசப்பட்டது. துரை கவனிப்பதாகக் கூறினார். கமிட்டி மேல் நடவடிக்கை எடுக்கும்."

மூன்று வாக்கியங்களில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த மலை, எத்தனை கிலோ, எந்த மாதம் வரை என்று ஒரு எண்கூட இல்லை. "கமிட்டி" என்று எழுதியிருந்ததே தவிர ஒரு ஆளின் பெயர் இல்லை. புதிய துரைக்குக் காட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. அந்த மாதத்து அரைப்பேர்கள் அரைப்பேர்களாகவே போயின.

எழுதாமல் விட்ட இடத்தை அடுத்தவர் நிரப்புவார் என்பதை இந்த மலையகம் முழுவதும் 2021இல் ஒருமுறை பார்த்தது. 2020 நவம்பரில் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், 2021 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபாய் என்று சொல்லப்பட்டது. திகதி இருந்தது, தொகை இருந்தது. ஆனால் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் எழுத்து ஒன்றும் அதுவரை இருக்கவில்லை. 2019இல் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தமும் அந்த ஜனவரியோடு முடிந்தது. ஜனவரி போனது, 1000 வரவில்லை. பிறகு விஷயம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. அங்கே முதலாளிமார் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது, ஆட்சேபனைக்குக் கால அவகாசம் கொடுக்கப்பட்டது, மார்ச் 5ஆம் திகதி வர்த்தமானி வந்தது. அடிப்படைச் சம்பளம் 900, வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு 100. பேச்சு எழுத்தான அன்றுதான் கம்பெனிகளுக்கு அது கட்டாயமானது.

ஆனால் கதையின் அடுத்த பாதியும் நமக்குத் தெரியும். அந்த வர்த்தமானி சொன்னது சம்பளத்தை. ஒரு முழுப்பேருக்கு எத்தனை கிலோ என்பதை அது சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் பல தோட்டங்களில் கிலோ ஏறியது, எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. 1000 ரூபாயை எழுதி வைத்தோம், கிலோ எழுதப்படாமல் நின்றது. எழுதியது நம் கைக்கு வந்தது, எழுதாததைத் துரைமார் முடிவு செய்தார்கள்.

கிலோ விஷயம் இன்றும் பெரும்பாலும் தோட்டத்திலேயே, துரைக்கும் கமிட்டிக்கும் இடையில் பேசித் தீர்க்கப்படுகிறது. அங்கே வர்த்தமானி வராது. நம்மிடம் இருப்பது ஒரு சீ.ஆர். கொப்பியும் ஒரு பேனையும்தான். ஆகவே அந்தக் கொப்பியில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பற்றி இந்த மாதம் பேசுவோம்.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நம் கொப்பிகளில் பெரும்பாலானவை யார் என்ன பேசினார்கள் என்பதைத்தான் சொல்கின்றன. "இன்னார் பேசுகையில்… இன்னார் தமது உரையில்…" என்று நான்கு பக்கம் ஓடும். கடைசியில் நன்றியுரை. மூன்று மாதம் கழித்து நமக்குத் தேவைப்படுவது உரை அல்ல. என்ன முடிவு செய்தோம், யார் செய்வதாக ஏற்றுக்கொண்டார், எந்தத் திகதிக்குள், முடிந்தது என்பதை எதை வைத்து அறிவோம் என்ற நான்குதான் தேவை. ஒவ்வொரு முடிவுக்கும் இந்த நான்கும் இருந்தால், இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு பக்கம் போதும்.

இரண்டாவதாக, நம்முடைய முடிவையும் நம்முடைய கோரிக்கையையும் பிரித்து எழுத வேண்டும். "7ஆம் நம்பர் மலையில் கிலோவைக் குறைக்க வேண்டும்" என்று தீர்மானம் எழுதுகிறோம். கிலோவைக் குறைப்பது துரையின் கையில் இருப்பது. நாம் கூடி உட்கார்ந்து அதைத் தீர்மானிக்க முடியாது. எந்தக் கோரிக்கையோடு, எந்த ஆதாரத்தோடு, யார், எப்போது துரையைப் பார்ப்பது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும். இதைக் குழப்பினால் பொறுப்பு ஏற்க ஆள் இருக்காது. கோரிக்கை நிறைவேறாதபோது யாரிடம் கேட்பதென்றும் தெரியாது.

அதே டிவிசனில் அடுத்த டிசம்பரில் எழுதிய கூட்டறிக்கையின் ஒரு பகுதி இது. பெயர் இருந்த இடங்களில் பதவியை மட்டும் போட்டிருக்கிறோம்.

"தீர்மானம் 2. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 7ஆம், 9ஆம் நம்பர் மலைகளில் முழுப்பேருக்கு 18 கிலோவுக்குப் பதிலாக 14 கிலோ என்று துரையிடம் கேட்பது.

அ) சென்ற பெப்ரவரி மாதச் சம்பளத் துண்டுகள் 10 சேர்ப்பது. பொறுப்பு: மாதர் சங்கத் தலைவி. திகதி: டிசம்பர் 8. முடிந்ததற்கு அடையாளம்: துண்டுகளின் பிரதிகள் செயலாளர் கையில் இருப்பது.

ஆ) துரையைச் சந்திப்பது. பொறுப்பு: தலைவர். உடன் செல்பவர்: மாதர் சங்கத் தலைவி. குறிப்பு எடுப்பவர்: செயலாளர். திகதி: டிசம்பர் 12. அடையாளம்: பேச்சுவார்த்தைக் குறிப்பு.

இ) பேசி முடித்ததைக் கடிதமாகக் கொடுப்பது. பொறுப்பு: செயலாளர். திகதி: டிசம்பர் 14. அடையாளம்: ஆபிஸ் முத்திரை வைத்த பிரதி."

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. உடன் செல்பவர் இருக்கலாம், உதவுபவர் இருக்கலாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர். "தலைவரும் செயலாளரும்" என்று எழுதினால் தலைவர் செயலாளர் செய்வார் என்று இருப்பார், செயலாளர் தலைவர் செய்வார் என்று இருப்பார். "கமிட்டி" என்று எழுதினால் அதைவிட மோசம். கூட்டத்துக்கு வராதவரின் தலையில் வேலையைக் கட்டுவதும் கூடாது. அவர் வந்து "நான் எப்போது ஒத்துக்கொண்டேன்?" என்பார், கேள்வி நியாயமானது.

திகதியும் அப்படித்தான். "விரைவில்", "அடுத்த கிழமை அளவில்", "துரைக்கு நேரம் கிடைக்கும்போது" என்பவை திகதிகள் அல்ல. துரை எப்போது கிடைப்பார் என்று தெரியாவிட்டால், நம் கையில் இருக்கும் வேலைக்குத் திகதி போடலாம்: "டிசம்பர் 9க்குள் ஆபிஸில் நேரம் கேட்டு எழுதிக் கொடுப்பது."

எழுதும் ஆள் யார் என்பதும் முக்கியம். தலைவரே பேசவும் எழுதவும் முடியாது. சாதாரண தரம் படித்த பிள்ளை ஒருவரை, ஆணோ பெண்ணோ, எழுதுவதற்கு மட்டும் உட்கார வையுங்கள். அவருக்கு ஒரு அதிகாரம் கொடுங்கள். ஒவ்வொரு விஷயம் முடியும்போதும் கூட்டத்தை நிறுத்தி, "நான் எழுதியது இது" என்று சத்தமாக வாசிக்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும். பொறுப்பேற்றவர் தன் பெயரைக் காதால் கேட்டு "ஆமாம்" என்று சொன்ன பிறகே அடுத்த விஷயம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் ஞாபகத்திலிருந்து எழுதினால் சண்டை வரும். வாசித்துக் காட்டும் அந்த அரை நிமிடத்தில்தான் "14 இல்லை, 15 என்றுதானே பேசினோம்" என்ற திருத்தம் வரும்.

கொப்பியில் ஒற்றைகளுக்கு முன்கூட்டியே பக்க எண் போடுங்கள். ஒற்றையைக் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, தலைவரும் எழுதியவரும் சிறு கையொப்பம் வைக்கட்டும். வெள்ளை மை பூசினால், நாளை கொப்பியைப் பார்ப்பவர் அதன் அடியில் என்ன இருந்தது என்றுதான் கேட்பார்.

இனி, துரையோடு பேசும் பேச்சு. அங்கே நம் கூட்டறிக்கை மட்டும் போதாது. அது நாம் எழுதியது, துரை கையொப்பம் வைத்தது அல்ல. பேச்சு முடிந்ததும் குறிப்பை அங்கேயே வாசித்து, இரு பக்கமும் கையொப்பம் வைப்பதுதான் நல்லது. பல இடங்களில் துரைமார் கையொப்பம் வைக்க மாட்டார்கள். "வாய் வார்த்தை போதாதா?" என்பார்கள். அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. இரண்டு நாளுக்குள் ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த டிவிசனில் கொடுத்த கடிதத்தின் சாரம் இது:

"டிசம்பர் 12ஆம் திகதி நடந்த பேச்சுவார்த்தையில் தாங்கள் ஏற்றுக்கொண்டதாக நாங்கள் விளங்கிக்கொண்டவை: 7ஆம் நம்பர் மலையில் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை முழுப்பேருக்கு 15 கிலோ. 9ஆம் நம்பர் மலை பற்றி முடிவு எடுக்கப்படவில்லை. அது பற்றி ஜனவரி 10ஆம் திகதி மீண்டும் பேசுவது. இதில் தவறு இருப்பின் டிசம்பர் 20ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறியத் தரவும்."

கேட்டது 14, கிடைத்தது 15. கேட்டது இரண்டு மலை, கிடைத்தது ஒன்று. கிடைக்காததையும் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 9ஆம் நம்பரைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், அதையும் துரை ஒத்துக்கொண்டார் என்று நாமும், அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று அவரும் சொல்லியிருப்போம். கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் ஆபிஸ் முத்திரையும் திகதியும் வாங்கி வாருங்கள். முத்திரை வைக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் போனால் தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் ஒட்டி, இரண்டிலும் எண்களும் திகதிகளும் ஒன்றுதானா என்று இருவர் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதம் கூட்டு ஒப்பந்தம் அல்ல. துரை பதில் எழுதவில்லை என்பதால் மட்டும் அவர் சம்மதித்தார் என்று சட்டம் சொல்லிவிடாது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் விஷயம் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் காரியாலயத்துக்குப் போகும் நாளில், அன்றைய திகதியோடு ஆபிஸ் முத்திரை வைத்த காகிதம் ஒன்று மேசையில் இருக்கும். துரை மாறினாலும் அது கோப்பில் இருக்கும். அந்த டிவிசனில் பெப்ரவரி மூன்றாம் கிழமையில் 7ஆம் நம்பர் மலையில் இரண்டு நாள் அரைப்பேர் விழுந்தபோது, செயலாளர் அந்தப் பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினார். 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு முன்பே செக்ரோலில் முழுப்பேராகத் திருத்தப்பட்டது. 9ஆம் நம்பர் மலையில் விழுந்த அரைப்பேர்களுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜனவரி 10ஆம் திகதிப் பேச்சில் அதற்கு உடன்பாடு வரவில்லை, அதுவும் எழுத்தில் இருந்தது. கொப்பி இல்லாத உரிமையைக் கொண்டுவராது. பேசிப் பெற்றதை இழக்காமல் வைக்கும்.

எழுதியது செயலாளர் வீட்டு அலுமாரியில் பூட்டி இருந்தால் அதனால் பாதிப் பயன்தான். கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கூட்டம் நடப்பதோ மாலையில், அவர்கள் லயத்தில் அடுப்பு மூட்டும் நேரத்தில். 15 கிலோ என்று முடிவாகியிருப்பது மலையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரியாவிட்டால், அரைப்பேர் போடும்போது அவர் எதைச் சொல்லிக் கேட்பார்? ஆகவே கூட்டம் முடிந்த மறுநாளே மூன்று இடங்களுக்கு அது போக வேண்டும். கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரத்தில் மாதர் சங்கத் தலைவி வாசிக்கட்டும். தாய்மார் காலையும் மாலையும் வரும் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒரு பிரதி ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் கொப்பியின் போட்டோவை மட்டும் போட வேண்டாம். சின்ன போனில் கையெழுத்து தெரியாது. முடிவுகளை இரண்டு நிமிடத்தில் பேசி, குரல் பதிவாகவும் அனுப்புங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும்.

எல்லாவற்றையும் சுவரில் ஒட்டவும் கூடாது. ஒரு பெண் கொடுத்த தொல்லை பற்றிய முறைப்பாடு, ஒருவரின் நோய், ஒரு குடும்பத்தின் கடன் போன்றவை கூட்டத்தில் வந்தால், பொதுப் பிரதியில் "தனிப்பட்ட முறைப்பாடு ஒன்று, பொறுப்பு இன்னார், திகதி இன்னது" என்று மட்டும் இருக்கட்டும். விவரம் தனிக் கோப்பில், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு. இதை மீறினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, சென்ற கூட்டத்தின் பட்டியலை வாசிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் "முடிந்தது", "முடியவில்லை", "திகதி மாற்றம்" என்று எழுதுங்கள். புதுத் திகதி போடும்போது பழைய திகதியை அழிக்காதீர்கள். ஒரு வேலைக்கு இரண்டு முறை திகதி மாறினால், அந்தத் தோழரைக் குறை சொல்ல அது காரணம் அல்ல. அவர் சுகமில்லாமல் இருந்திருக்கலாம், வேலை ஒருவருக்கு மிஞ்சியதாக இருக்கலாம், ஆபிஸே இழுத்தடித்திருக்கலாம். எது என்று கேட்டு, ஆளை மாற்றுவதா, வேலையைப் பிரிப்பதா, மாவட்டப் பிரதிநிதியிடம் கொடுப்பதா என்று அங்கேயே முடிவெடுங்கள். பெயர் எழுதுவது ஆளைப் பிடிப்பதற்கு என்று ஆகிவிட்டால், அடுத்த கூட்டத்தில் யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள். மறுபடியும் "கமிட்டி செய்யும்" என்ற பழைய வாக்கியமே கொப்பிக்குத் திரும்பி வரும்.

இன்னும் சில கிழமைகளில் வறண்ட மாதங்கள் வருகின்றன. உங்கள் தோட்டக் கமிட்டி அடுத்துக் கூடும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு முடிவின் மேலும் விரலை வைத்துக் கேளுங்கள்: யார்? எந்தத் திகதி? எதைப் பார்த்து முடிந்தது என்போம்? பதில் இல்லாத ஒவ்வொரு வரியையும் அன்றே திருத்தி எழுதுங்கள். எந்த மலையில் எத்தனை கிலோ என்பதை ஜனவரிக்கு முன்பே, துரை ஆபிஸின் முத்திரையோடு உங்கள் கையில் வைத்திருங்கள்.